குழம்பு ஒன்று, எழுத்துக்கூட்டல் இருபத்து நான்கு

வத்தக்குழம்பு வைப்பது எப்படி என்று யூடியூபில் தேடுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி தட்டுவதில்லை. ஒருவர் தமிழ் விசைப்பலகையில் "வத்தக்குழம்பு" என்கிறார். இன்னொருவர் vatha kulambu. மூன்றாமவர் பள்ளியில் ழகரத்துக்கு zh என்று படித்தவர், அதனால் vathal kuzhambu. நான்காமவர் வீட்டில் பேசுகிறபடியே vatha kozhambu. நால்வருக்கும் வேண்டியது ஒரே குழம்புதான். சேனல் நடத்துகிறவருக்கோ தலைப்பில் நூறு எழுத்துக்குறிகளுக்குத்தான் இடம். அதில் யாரை அழைப்பது, யாரை விடுவது?

தமிழை ஆங்கில எழுத்தில் எழுத மக்கள் எல்லோரும் பின்பற்றும் முறை என்று ஒன்று கிடையாது. நூலகங்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் முறைகள் உண்டு. அவற்றைக் கைப்பேசியில் யாரும் தட்டுவதில்லை. அரசே ஒருமுறை இறங்கிப் பார்த்தது. 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றித் தமிழக அரசு ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூர் Koyampuththoor ஆனது, வேலூர் Veeloor ஆனது. எழுந்த கேலியிலும் குழப்பத்திலும் சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஊர்ப்பெயருக்கே இந்தக் கதி என்றால் குழம்புக்குக் கேட்கவா வேண்டும்.

கடல் தாண்டினால் கணக்கு இன்னும் மாறும். இலங்கைத் தமிழர்கள் பலர் டகரத்தை d என்றே எழுதிப் பழகியவர்கள். வட்டுக்கோட்டை அங்கே Vaddukoddai. அந்தக் கையே "முட்டை" என்று தேட muddai என்று தட்டவும் கூடும். சென்னையில் இருந்துகொண்டு muttai என்று மட்டும் எழுதி வைப்பவருக்கு இது தோன்றவே தோன்றாது.

வத்தக்குழம்பையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்பாதியை vatha, vathal, vaththa என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள். பின்பாதி kuzhambu, kulambu, kozhambu, kuzambu என்று நான்கு. இரண்டையும் சேர்த்தும் எழுதலாம், இடைவெளி விட்டும் எழுதலாம். மூன்று, நான்கு, இரண்டு. பெருக்கினால் இருபத்து நான்கு. இத்தனையும் நடைமுறையில் எதிர்பார்க்கக்கூடிய வடிவங்கள்தான், மிகைப்படுத்தியவை அல்ல.

இங்கேதான் பலர் டேக் பெட்டியைத் திறந்து இருபத்து நான்கையும் வரிசையாகக் கொட்டுகிறார்கள். டேக்குகளுக்கு மொத்தம் 500 எழுத்துக்குறிகள்தான் அனுமதி. நடுவில் போடும் காற்புள்ளியும் அதில் சேர்த்தி. யூடியூபின் ஏபிஐ ஆவணத்தின்படி, நடுவில் இடைவெளி உள்ள டேக்கை மேற்கோள்குறிக்குள் இருப்பதாகவே கணக்கிடுவார்கள்; ஆகவே vathal kulambu என்பது 14 அல்ல, 16. இருபத்து நான்கையும் போட்டால் பெட்டியில் பெரும்பங்கு இந்த ஒரு குழம்புக்கே போய்விடும். அதனால் பெரிய லாபமும் இல்லை. வீடியோ கண்டறியப்படுவதில் டேக்குகளின் பங்கு மிகக் குறைவு என்று யூடியூபின் உதவிப் பக்கமே சொல்கிறது. அது ஒப்புக்கொள்ளும் பயன் ஒன்றுதான்: மக்கள் அடிக்கடி பிழையாக எழுதும் சொல்லாக இருந்தால் டேக் உதவும். ஆங்கில எழுத்தில் எழுதப்படும் தமிழுக்கு அது பொருந்தும் என்பதால் நாலைந்து முக்கிய வடிவங்களை டேக்கில் போடலாம். டேக் பட்டியலை அப்படியே விவரக்குறிப்பில் ஒட்டுவது மட்டும் கூடவே கூடாது. விவரக்குறிப்பில் அளவுக்கு மீறி டேக் திணிப்பது யூடியூபின் விதிகளுக்கு எதிரானது.

எழுத்துக்கூட்டல் வேறுபாட்டை இயந்திரமே புரிந்துகொள்ளாதா என்று கேட்கலாம். ஓரளவு புரிந்துகொள்கிறது. 2020 டிசம்பரில் கூகுள் ஓர் அறிவிப்பு செய்தது. தமிழ், தெலுங்கு, இந்தி, வங்காளம், மராத்தி ஆகிய மொழிச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டினாலும், பொருத்தமான இடங்களில் அந்தந்த மொழிப் பக்கங்களைக் காட்டுவோம் என்பதே அது. அதே சமயத்தில் முரில் என்ற மொழி மாதிரியையும் கூகுள் வெளியிட்டது. இந்திய மொழிகளை அவற்றின் சொந்த எழுத்தில் மட்டுமல்லாமல் ஆங்கில எழுத்திலும் படித்துப் பழகிய மாதிரி அது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவும் இப்படி எழுத்து மாற்றிய சொல் இணைகளைப் பெருமளவில் திரட்டி வெளியிட்டிருக்கிறது.

ஆனால் இப்படிப் பழகும் இயந்திரம் எதை அதிகம் பார்த்ததோ அதில்தான் தேறும். சாம்பார், பிரியாணி போன்ற சொற்களை ஆயிரக்கணக்கானோர் இரண்டு எழுத்திலும் எழுதியிருப்பார்கள். அங்கே பாலம் உறுதியாக இருக்கும். தூதுவளை, பிரண்டை, ஒரு சிற்றூரின் குலதெய்வப் பெயர் என்று அரிய சொற்களுக்குப் போனால் அதே நம்பிக்கை வைக்க முடியாது. ஆகவே பலரும் செய்வதற்கு நேர்மாறாகச் செய்வதே புத்திசாலித்தனம். எல்லோருக்கும் தெரிந்த சொல்லுக்கு நாலு எழுத்துக்கூட்டல் போடுவதை விட்டுவிட்டு, யாரும் அதிகம் எழுதாத சொல்லுக்கு இரண்டு எழுத்திலும் தெளிவாகப் பெயர் வைக்க வேண்டும்.

எழுத்து செய்யும் இன்னொரு வேலையைப் பலர் கவனிப்பதில்லை. "புட்டு" என்று தமிழில் தட்டியவுடன், தேடுபவர் தமிழர் என்பது எழுத்திலேயே தெரிந்துவிடுகிறது. puttu என்று தட்டினால் அது மலையாளியாகவும் இருக்கலாம், ஆங்கிலத்தில் செய்முறை தேடும் வேறு யாராகவும் இருக்கலாம். தமிழ் எழுத்தில் போட்டி குறைவு. ஆங்கில எழுத்தில் கேரளச் சேனல்களோடும் மோத வேண்டியிருக்கிறது. தேடுபவர்களே இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள்: puttu recipe in tamil. எழுத்து சொல்லியிருக்க வேண்டிய மொழியை அந்த in tamil என்ற வால் சொல்கிறது. தமிழ்த் தலைப்புகளின் கடைசியில் Tamil என்ற சொல் அத்தனை இடங்களில் ஒட்டிக்கொண்டிருப்பது அலங்காரத்துக்காக அல்ல.

சரி, இருபத்து நான்கில் எதைத் தேர்வது? ஊகிக்க வேண்டியதில்லை. யூடியூப் ஸ்டுடியோவில் அனலிடிக்ஸ் பகுதிக்குப் போய், பார்வையாளர்கள் வந்த வழிகளில் YouTube search என்பதைத் தட்டினால், எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்ற பட்டியல் விரியும். kulambu வந்ததா, kuzhambu வந்ததா, தமிழ் எழுத்து வந்ததா என்பதைத் தன் சேனலின் கணக்கிலேயே பார்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதும் இருக்கும். ஒரு சொல்லால் நிறையப் பேர் வந்து அரை நிமிடத்தில் கிளம்பிவிட்டால் அந்தச் சொல் தவறான ஆட்களை அழைத்து வருகிறது என்று பொருள். puttu என்பதற்குப் பெரும்பாலும் இப்படித்தான் நேரும்.

இந்தப் பட்டியலில் ஒரு குறை உண்டு. வந்தவர்களை மட்டுமே அது காட்டும். தேடியும் உங்களைக் காணாமல் போனவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். தமிழில் மட்டும் தலைப்பு வைத்தவருக்குத் தமிழில் தேடியவர்களே பட்டியலில் அதிகம் வருவார்கள். "பார்த்தீர்களா, எல்லோரும் தமிழில்தான் தேடுகிறார்கள்" என்று அவர் முடிவு கட்டிவிட்டால் வட்டத்துக்குள்ளேயே சுற்ற வேண்டியதுதான். அதற்கு வெளியே பார்க்க இரண்டு வழிகள் இருக்கின்றன. கணக்கில் நுழையாமல் மறைமுகச் சாளரத்தில் யூடியூபைத் திறந்து vatha k வரை தட்டிவிட்டு நிறுத்தினால், கீழே விழும் பரிந்துரைகள் பிறர் எப்படித் தட்டுகிறார்கள் என்பதைச் சொல்லும். கூகுள் டிரெண்ட்ஸில் YouTube Search என்பதைத் தேர்ந்துகொண்டு vatha kulambu, vatha kuzhambu, வத்தக்குழம்பு மூன்றையும் ஒப்பிடலாம். அங்கே தமிழ்நாட்டுக்கு ஒருமுறையும் இலங்கைக்கு ஒருமுறையும் பார்ப்பது நல்லது.

kulambu முந்துகிறது என்று தெரிந்ததாக வைத்துக்கொள்வோம். ழகரத்தைக் காப்பாற்ற நினைப்பவருக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் ழகரம் தலைப்பின் தமிழ்ப் பாதியில் பத்திரமாக இருக்கிறது. தலைப்பு இப்படி அமையும்:

```
வத்தக்குழம்பு செய்வது எப்படி | Vatha Kulambu in Tamil
```

கண்ணுக்கு "வத்தக்குழம்பு" எட்டு எழுத்து. கணினி புள்ளியையும் உகரக் கொக்கியையும் தனித்தனியாக எண்ணுவதால் அதற்குப் பதின்மூன்று. அப்படியும் முழுத் தலைப்பு 53-ல் அடங்கிவிடுகிறது. நூறில் பாதிக்குக் கொஞ்சம் மேல். தமிழை முன்னால் வைக்கக் காரணம் உண்டு. கைப்பேசித் திரையில் தலைப்பின் வால் வெட்டுப்படலாம். விரலை ஓட்டிக்கொண்டு போகிறவரின் கண்ணில் படுவது முன்பாதிதான். பேச்சுத் தமிழ் புரிந்தும் எழுத்து வாசிக்க வராத வெளிநாட்டுப் பிள்ளைகள்தான் சேனலின் முக்கியப் பார்வையாளர்கள் என்றால், இந்த வரிசையைத் தாராளமாகத் திருப்பிப் போடலாம். புதுக்கோட்டை மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சேனல் பெயரையே ஆங்கிலத்தில் வைத்தது. பேச்சைவிடச் சமையல் காட்சியே முன்னால் நிற்கும் சேனல் அது. மொழி தெரியாதவரும் உட்கார்ந்து பார்ப்பார். பேச்சையே நம்பி ஓடும் சேனலுக்கு அந்த வழி ஒத்துவராது.

விவரக்குறிப்பில் வேறொரு சிக்கல். ஏபிஐ ஆவணம் அதன் எல்லையை 5,000 பைட் என்கிறது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. முழுக்கத் தமிழில் எழுதினால் 1,666 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். முதல் இரண்டு வரிகளில் இரண்டு எழுத்திலும் பெயரைச் சொல்லிவிட்டு மிச்சத்தைச் செய்முறைக்கு ஒதுக்குவது நல்லது.

தமிழ் எழுத்தில் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றும் இருந்துவிட முடியாது. குழந்தைகளுக்கு ஆத்திசூடி சொல்லித்தரும் ஒரு சேனல் "ஒளவையார்" என்று ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டியிருந்தால், திரையில் அது "ஔவையார்" போலவே தெரியும். கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். வாசகர் கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க எளிய வழி, அந்த எழுத்தின் பின்னால் கர்சரை வைத்து ஒருமுறை அழித்துப் பார்ப்பதுதான். ஔ என்றால் முழுதும் போய்விடும். ளகரம் மட்டும் போய் ஒகரம் மிஞ்சினால் தட்டியது தவறு.

பழைய பாமினி எழுத்துருவில் தம்ப்நெயில் தயாரிக்கும் வடிவமைப்பாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். படத்துக்கு அது பரவாயில்லை. அங்கிருந்து சொல்லை நகலெடுத்துத் தலைப்பில் ஒட்டினால் "தமிழ்" என்பது jkpo; என்று வந்து நிற்கும். அப்படித் தேட யாரும் வரப்போவதில்லை.

தலைப்புக்கு மொழிபெயர்ப்பு சேர்க்கும் வசதியையும் ஸ்டுடியோ தருகிறது. தமிழ்த் தலைப்போடு ஓர் ஆங்கிலத் தலைப்பையும் கொடுத்தால், ஆங்கிலத்தில் தேடுபவருக்கும் வீடியோ காட்டப்படலாம். Tangy Turkberry Curry என்று அங்கே போட ஆசை வரும். ஆனால் நம்மூரில் கைப்பேசியை ஆங்கிலத்திலேயே வைத்திருக்கும் தமிழர்கள் ஏராளம். யூடியூப் செயலியும் ஆங்கிலத்தில் இருப்பதால் அவர்கள் திரையில் தமிழ்த் தலைப்புக்குப் பதிலாக இந்த ஆங்கிலத் தலைப்புதான் தெரியும். மயிலாப்பூரில் சுண்டைக்காய் வத்தக்குழம்பு தேடுகிறவர் டர்க்பெரியைப் பார்த்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். ஆகவே அந்த ஆங்கிலப் பெட்டியிலும் Vatha Kulambu என்பதுதான் முதலில் வர வேண்டும். விளக்கம் அதற்குப் பின்னால் வரட்டும்.