நண்பகல் மினுமினுப்பு: தாளா, ஜெல்லா, பவுடரா?

காலை எட்டு மணிக்குச் சோப்புப் போட்டுக் கழுவிய முகம் பகல் ஒரு மணிக்கு நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழிய நிற்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அலுவலகக் கண்ணாடி முன் பலரும் பார்க்கும் காட்சி இது. இதைச் சமாளிக்கக் கடையில் மூன்று பொருள்கள் கிடைக்கின்றன. ஒற்றி எடுக்கும் ப்ளாட்டிங் பேப்பர், காலையிலேயே பூசிக்கொள்ளும் மேட் ஜெல், மேலே தூவும் ஆயில் கன்ட்ரோல் பவுடர். மூன்றின் அட்டையிலும் ஏறக்குறைய ஒரே வாக்குறுதிதான் இருக்கும். ஆனால் மூன்றும் செய்கிற வேலை வேறு, செய்ய வேண்டிய நேரமும் வேறு. நேரம் மாறிப்போனால் நல்ல பொருள்கூட முகத்தைத் திட்டுத்திட்டாக்கிவிடும்.

முதலில், முகம் ஏன் மினுக்குகிறது? தோலின் மேற்பரப்பு உண்மையில் வழவழப்பானதல்ல. நுண்ணிய கோடுகளும் மேடுபள்ளங்களும் நிறைந்தது. அதில் விழும் வெளிச்சம் பல திசைகளிலும் சிதறுவதால் முகம் மென்மையாகத் தெரிகிறது. எண்ணெய்ச் சுரப்பிகளிலிருந்து வரும் கொழுப்பு அந்தப் பள்ளங்களை நிரப்பி மட்டமாக்கியதும், வெளிச்சம் கண்ணாடியில் பட்டதுபோல ஒரே திசையில் திரும்புகிறது. நெற்றியிலும் மூக்கிலும் இந்தச் சுரப்பிகள் நெருக்கமாக இருப்பதால் அங்கேதான் முதலில் பளபளக்கும்.

நண்பகலுக்கும் இதில் பங்கு உண்டு. எண்ணெய் சுரப்பது நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை, நண்பகலை ஒட்டி அது கூடுகிறது. வெயிலும் சேர்ந்துகொள்கிறது. தோலின் வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் வெளிவரும் எண்ணெய் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுவதாக 1970-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு அளந்து சொன்னது.

இனி, வடையைச் செய்தித்தாளில் வைத்து எடுத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. எண்ணெய் பட்ட இடத்தில் தாள் கண்ணாடிபோல ஆகி, மறுபக்கத்து எழுத்து தெரியும். தாளின் இழைகளுக்கு நடுவே காற்று இருக்கும்வரை வெளிச்சம் சிதறும், தாள் வெள்ளையாகத் தெரியும். காற்று இருந்த இடத்தில் எண்ணெய் புகுந்ததும் சிதறல் நின்றுவிடுகிறது. ப்ளாட்டிங் பேப்பர் எண்ணெயைக் காட்டிக்கொடுப்பதும், மேட் ஜெல் சில மணி நேரத்தில் தோற்றுப்போவதும், பவுடர் ஒருவர் முகத்தில் மறைந்து இன்னொருவர் முகத்தில் வெள்ளையாக நிற்பதும் பெருமளவு இந்த ஒரே காரணத்தால்தான்.

ஒற்றுத்தாளுக்கு ஜப்பானில் நீண்ட மரபு உண்டு. கனசாவா நகரம் தங்க இழைக்குப் பேர்போனது. தங்கத்தைச் சிறப்புத் தாள்களுக்கு நடுவே வைத்து மெல்லிய இழையாகும்வரை அடிப்பார்கள். அப்படி அடிபட்டு அடிபட்டு இழைகள் நசுங்கி நயமான தாள், முகத்து எண்ணெயை நன்றாக உறிஞ்சுவதைக் கண்டு நடிகர்களும் கெய்ஷாக்களும் அதைப் பயன்படுத்தினார்கள். ‘அபுராதோரிகாமி’ என்று அழைக்கப்படும் இந்தத் தாளாலேயே கியோட்டோவின் யோஜியா கடை பெயர் பெற்றது.

இன்று இரண்டு வகைத் தாள்கள் விற்கின்றன. ஒன்று இப்படி மர, செடி நாரால் ஆனது. மற்றது பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன மெல்லிய படலம், பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். நம் ஊர் வெக்கைக்கு இந்த வித்தியாசம் முக்கியம். நார்த்தாள் எண்ணெயையும் வியர்வையையும் சேர்த்தே உறிஞ்சும். பிளாஸ்டிக் படலம் தண்ணீரை ஏற்காது, அதன் நுண்துளைகளில் எண்ணெய் மட்டுமே ஏறும். ஏறிய இடம் உடனே கண்ணாடிபோலாகும். ஆகவே முகத்தில் மினுக்குவது எண்ணெயா வியர்வையா என்று தெரியவேண்டுமானால் படலத்தை வைத்து ஒற்றினால் போதும். நிறம் மாறாமல் ஈரம் மட்டும் ஒட்டியிருந்தால் அது வியர்வை. அதற்குச் சுத்தமான பருத்திக் கைக்குட்டையே சரியான மருந்து.

தாளை வைத்து அழுத்தி, சில விநாடி விட்டு, எடுக்கவேண்டும். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் காலையில் பூசிய சன்ஸ்கிரீனும் சேர்ந்து இடம் பெயரும். தாளின் பெரிய பலம், அது எண்ணெயை முகத்திலிருந்தே அகற்றிவிடுகிறது, எதையும் மேலே சேர்ப்பதில்லை. குறை, சுரப்பி ஓய்வதில்லை என்பது. சில மணி நேரத்தில் எண்ணெய் மறுபடி வந்துவிடும்.

மேட் ஜெல் முற்றிலும் வேறு வகை. அதில் பெரும்பாலும் சிலிக்கோன் இருக்கும். அட்டையில் டைமெத்திகோன் என்ற பெயரைப் பார்க்கலாம். விரலில் எடுத்தால் வெல்வெட்போல வழுக்குவது அதனால்தான். இது தோலின் சிறு பள்ளங்களிலும் துளைகளிலும் நிரம்பிப் படலமாகிறது. அதற்குள் கலந்திருக்கும் சிலிக்கா போன்ற நுண்ணிய உருண்டைகள் இரண்டு வேலை செய்கின்றன. வெளிச்சத்தைச் சிதறவிடுகின்றன, வருகிற எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்கின்றன. சுரப்பைக் குறைப்பது இந்தப் படலத்தின் வேலையல்ல. உருண்டைகள் நிறைந்ததும் பளபளப்பு திரும்பிவிடும். எண்ணெய் அதிகம் வடிகிற முகத்தில் அது சீக்கிரமே நேரும்.

ஆகவே ஜெல் காலைப் பொருள். பகலில் எண்ணெய் வழியும் முகத்தில் அதைப் பூசினால் ஒட்டாது, வழுக்கிக்கொண்டு போகும். இன்னொரு சிக்கல், உருண்டு வருவது. சன்ஸ்கிரீன் காயும் முன்பே மேலே ஜெல்லைத் தேய்த்தால் இரண்டும் சேர்ந்து அழிரப்பர் தூள்போல வெள்ளை வெள்ளையாகத் திரளும். சில சன்ஸ்கிரீனும் சில ஜெல்லும் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஒத்துப்போகாது. புதிதாக வாங்கியவர்கள் இரண்டையும் புறங்கையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடவிப் பார்த்துவிடலாம். அங்கே திரண்டால் முகத்திலும் திரளும்.

பவுடர் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. ஆனால் டப்பாவில் ‘ஆயில் கன்ட்ரோல்’ என்று எழுதியதெல்லாம் ஒன்றல்ல. சாதாரண டால்கம் பவுடரில் இருக்கும் டால்க் தகடு தகடான கனிமம். நன்றாகப் பரவும், வழவழப்பைத் தரும், எண்ணெயை உறிஞ்சுவது குறைவு. சோளமாவும் களிமண் வகையான கயோலினும் அதைவிட மேல். நுண்துளைகள் உள்ள சிலிக்கா தன் எடையைவிடக் கூடுதலான எண்ணெயை வாங்கக்கூடியது. பொருள் பட்டியலில் முதல் இரண்டு மூன்று பெயர்களைப் பார்த்தாலே எந்தப் பவுடர் உண்மையில் எண்ணெய்க்கானது என்று தெரிந்துவிடும்.

மாநிற, கறுப்பு நிற முகங்களில் பவுடர் சாம்பல் பூத்ததுபோலத் தெரிவதற்கும் வடைத்தாளின் காரணமே. சிலிக்காவும் முகத்து எண்ணெயும் வெளிச்சத்தை ஏறக்குறைய ஒரே அளவில் வளைக்கின்றன. அதனால் எண்ணெய் பட்டதும் சிலிக்கா கண்ணுக்கு மறைந்துபோகிறது. டால்க் அவ்வளவாக மறையாது. டைட்டானியம் டையாக்சைடு மறையவே மறையாது, வெள்ளையாகவே நிற்கும். எனினும் சிலிக்காவை அளவுக்கு மீறித் தூவினால், எண்ணெய் படாத உலர்ந்த தூள் ஃப்ளாஷ் வெளிச்சத்தில் வெள்ளைத் திட்டாகப் படத்தில் விழும். கல்யாண ரிசப்ஷன் படங்களில் கண்ணுக்குக் கீழே வெள்ளை தெரிவது பெரும்பாலும் இதனால்தான். எந்தப் பவுடரானாலும் முகத்துக்கு நேரே தட்டி மூச்சில் ஏறவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2024-இல் டால்க்கைப் புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் சேர்த்திருக்கிறது. அதைத் தவிர்க்க நினைப்பவர்களுக்கு டால்க் இல்லாத பவுடர்களும் கிடைக்கின்றன.

மூன்றையும் ஒரே நாளில் பொருத்திப் பார்க்கலாம். தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். காலை எட்டு மணிக்கு முகம் கழுவி, துடைத்து, சன்ஸ்கிரீன் பூசுகிறார். பத்து நிமிடம் விட்டுப் பட்டாணி அளவு ஜெல்லை நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் ஒற்றி ஒற்றிப் பூசுகிறார். கன்னத்துக்கு அது தேவையில்லை. பேருந்தில் நின்றபடி வந்து ஒன்பதரைக்கு இறங்கும்போது முகம் நனைந்திருக்கிறது. அது வியர்வை. இங்கே தாளையோ பவுடரையோ எடுத்தால் வீண்; ஈரத்தில் விழுந்த பவுடர் பசையாகிவிடும். கைக்குட்டையால் ஒற்றிவிட்டு, கடையின் ஏசியில் முகம் உலர விடுகிறார்.

ஒரு மணிக்குச் சாப்பிட்டுக் கை கழுவியபின் நீலப் படலத்தை மூக்கிலும் நெற்றியிலும் வைத்து அழுத்துகிறார். படலம் திட்டுத்திட்டாகக் கண்ணாடியாகிறது. எண்ணெய்தான். ஒரு தாளின் இரு பக்கமும் போதும். அதன் பிறகே பவுடர். பிரஷ்ஷில் கொஞ்சம் எடுத்து, டப்பா ஓரத்தில் தட்டி மிச்சத்தை உதிர்த்துவிட்டு, எண்ணெய் இருந்த இடங்களில் மட்டும் மெல்ல அழுத்துகிறார். இந்த வரிசையைப் புரட்டிப் போடுவதுதான் பரவலான தவறு. எண்ணெய்மேல் நேரே பவுடர் போட்டால் இரண்டும் குழைந்து மூக்கோரத்தில் அப்பிக்கொள்ளும். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் அந்த இடம் மற்ற இடத்தைவிடக் கறுத்துத் தெரியும். மேலே மேலே போடப் போடத் திட்டு கெட்டிப்படுமே தவிரப் போகாது. நான்கு மணிக்கு மறுபடி மினுக்கினால் அவர் தாளால் ஒற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறார். பவுடர் பஞ்சை வாரம் ஒருமுறையாவது துவைக்கிறார், ஏனென்றால் எண்ணெய் ஊறிய பஞ்சு பவுடரைச் சமமாகப் பரப்பாது, அழுக்கையும் திருப்பித் தரும்.

வெயிலில் நின்று வேலை பார்ப்பவருக்குக் கணக்கு மாறும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சன்ஸ்கிரீனைத் திரும்பப் பூச வேண்டியிருப்பதால், அவருக்குப் பவுடரைவிட வியர்வையையும் வாங்கும் நார்த்தாள்தான் உதவும். ஒற்றிவிட்டு, அதன்மேல் சன்ஸ்கிரீன் பூசலாம்.

“எண்ணெயை ஒற்றி எடுத்தால் தோல் இன்னும் அதிகமாகச் சுரக்கும்” என்று பயப்படுபவர்கள் உண்டு. சுரப்பிக்கு மேலே என்ன நடக்கிறது என்று தெரியாது. அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் கிளிக்மனும் ஷெல்லியும் 1958-இலேயே இந்த நம்பிக்கைக்கு ஆதாரமில்லை என்று காட்டிவிட்டார்கள். துடைத்தாலும் துடைக்காவிட்டாலும் சுரப்பி தன் போக்கில் சுரக்கிறது. அதை முடுக்குவது முக்கியமாக ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள். பருவ வயதில் முகம் திடீரென எண்ணெய் வடிவதும் அதனால்தான்.

மூன்று பொருள்களின் எல்லையும் இங்கேதான் இருக்கிறது. அவை மேற்பரப்பில் மட்டுமே வேலை செய்கின்றன. வயது வந்த பெண்ணுக்கு எண்ணெய் வடிவது திடீரெனக் கூடி, அதோடு மாதவிடாய் தவறுவதும், தாடையோரத்தில் பருக்களும், மேலுதட்டில் முடியும் சேர்ந்து வந்தால், அது ஹார்மோன் மாற்றத்தின் அறிகுறியாக இருக்கலாம். அப்போது அடுத்த தாள் கட்டை வாங்குவதற்கு முன்னால் மகப்பேறு மருத்துவரையோ தோல் மருத்துவரையோ பார்த்து, சினைப்பை நீர்க்கட்டிக்கான பரிசோதனை தேவையா என்று கேட்கவேண்டும்.