அரிசிப் பையில் அரைக்கீரை

மாடியிலோ பால்கனியிலோ செடி வளர்க்க நினைக்கிறவர்கள் முதலில் தொட்டி வாங்கப் போகிறார்கள். வீட்டில் காலியாகக் கிடக்கும் 25 கிலோ அரிசிப் பை ஒன்றே தொடங்கப் போதும். பையின் வாயை வெளிப்பக்கமாக மடித்துக்கொண்டே வந்து, ஒரு சாணுக்குச் சற்று மேலான உயரத்தில் நிறுத்த வேண்டும். அடியில் ஆறேழு துளைகள் தேவை. கத்தியால் கிழித்தால் நூல் பிரியும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் குத்தினால் ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து, உள்ளே என்ன போடுவது? புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். வெறும் மண்ணை நிரப்பினால் நாலைந்து முறை தண்ணீர் ஊற்றியதுமே இறுகிப்போகும், வேர் இறங்காது, மாடிக்கும் வீண் பாரம். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலப்பதே நல்லது. நார்க்கழிவில் 650 கிராம் கட்டி ஒன்று ஒரு பைக்குப் போதும். நனைந்ததும் அது பல மடங்கு உப்பும்.

அந்தக் கட்டியை நனைத்த கையோடு கலந்துவிடக் கூடாது. தேங்காய் மட்டையில் இயல்பாகவே உப்பு உண்டு. இரவு முழுக்க வாளியில் ஊறவைத்து, துணியில் பிழிந்து, செம்பழுப்பு நீரைக் கொட்டிவிட வேண்டும். நீர் வெளிறும்வரை இரண்டு மூன்று முறை இப்படிச் செய்யலாம். அலசாமல் போட்டால் இலை நுனி கருகுவதே முதல் அறிகுறி.

பையை இரண்டு செங்கல் மேல் வைத்தால் நீர் தடையின்றி வடியும், தளமும் ஈரம் காக்காது. வெயில் நாலைந்து மணி நேரமாவது விழ வேண்டும். ஒரு சிட்டிகை அரைக்கீரை விதையை ஒரு பிடி மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண் மூடினால் போதும். எறும்பு விதையை இழுத்துப் போகாமலிருக்க ஓரத்தில் வேப்பம்புண்ணாக்குத் தூள் தூவலாம். குடத்தால் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். பழைய தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஊசியால் துளையிட்டால் அதுவே பூவாளி.

நாலைந்து நாளில் முளைக்கும். பிறகு கீழ் இலைகள் மஞ்சளித்தால் உடனே உரம் வைக்காமல், விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்க்க வேண்டும். சேறாக இருந்தால் துளை அடைத்திருக்கிறது. ஈரம் அளவாக இருந்தும் மஞ்சளித்தால்தான் சத்துக் குறைவு. மண்புழு உரம் இரண்டு பிடி தூவலாம்.

ஏறக்குறைய ஒரு மாதத்தில் அறுக்கலாம். வேரோடு பிடுங்காமல், இரண்டு விரற்கடை தண்டு விட்டு அறுத்தால் மறுபடியும் துளிர்க்கும். ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் ஒரு பிடி உரம் வேண்டும்.

அரிசிப் பை வெயிலில் சில மாதங்களே தாங்கும். தொட்டால் நார் நாராக உதிரத் தொடங்கியதும், பிளாஸ்டிக் துணுக்குகள் மண்ணில் கலப்பதற்குள் வேறு பைக்கு மாற்றிவிடுங்கள்.