இரண்டு மணிக்குக் கெட்டது, பத்து நிமிடம் கழித்துக் கூவியது

மருந்துக்கடை ஃபிரிட்ஜில் இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மின்தடையால் இரவு 2:01க்குச் சூடு 8 டிகிரியைத் தாண்டியது. கடைக்காரரின் போனில் எச்சரிக்கை வந்ததோ 2:11க்கு. நடுவில் என்னதான் நடந்தது?

2:01க்குத் தாண்டியது என்று எப்படித் தெரியும்?

ஃபிரிட்ஜிலுள்ள கருவி பேட்டரியில் ஓடுகிறது. நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைத் தன் நினைவகத்தில் குறித்துக்கொள்கிறது.

அப்போதே அது கத்தியிருக்கலாமே?

அதற்குத் தானாகப் பேசத் தெரியாது. சர்வர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "இப்போது எவ்வளவு?" என்று கேட்கும், இதைத்தான் போலிங் என்கிறார்கள். 2:00க்குக் கேட்டபோது 7.9, எல்லாம் சரி. அடுத்து 2:05க்குக் கேட்டபோதுதான் 8.4 என்று தெரிந்தது. நான்கு நிமிடம் அங்கேயே போயிற்று. இந்த முறையில் சராசரியாக இரண்டரை நிமிடம், மோசமான நேரத்தில் ஏறக்குறைய ஐந்து நிமிடம் தாமதம் உறுதி. அது பழுதல்ல, ஏற்பாடே அப்படி.

தெரிந்த பிறகு?

எச்சரிக்கை அனுப்பும் வரிசையில் சேர்ந்தது. அந்த நிறுவனம் தினசரி அறிக்கைகளை 2 மணிக்குத்தான் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பும், அதுவும் இதே வரிசையில். ரேஷன் கடைபோல முதலில் வந்தவருக்கே முதலில். காலையில் யாரோ சாவகாசமாகப் படிக்கப்போகும் அறிக்கைகளுக்குப் பின்னால் அவசரச் செய்தி இரண்டு நிமிடம் நின்றது. இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவசரத்துக்குத் தனி வரிசை வைப்பது பெரிய வேலையே இல்லை.

2:07க்குக் கிளம்பியது 2:11க்கு ஏன் வந்தது?

போன் தூங்கிக்கொண்டிருந்தது. திரை அணைந்து, சார்ஜில் இல்லாமல், அசையாமல் கிடக்கும் ஆண்ட்ராய்டு போன் பேட்டரியை மிச்சப்படுத்த 'டோஸ்' நிலைக்குப் போகும். 2015இல் ஆண்ட்ராய்டு 6.0 உடன் வந்த வசதி இது. சாதாரணச் செய்திகளை அது அவ்வப்போது கண்விழிக்கும்போதுதான் வாங்கும். கிடக்கக் கிடக்க அந்த இடைவெளியும் நீளும். அனுப்பும்போதே `"priority": "high"` என்று குறித்திருந்தால் போன் அந்தக் கணமே எழுந்திருக்கும். இங்கே குறிக்கவில்லை.

தாமதம் எங்கே என்று நாமே கண்டுபிடிக்கலாமா?

நான்கு நேரங்கள் கிடைத்தால் போதும்: கருவி குறித்தது, சர்வர் கவனித்தது, வரிசையைவிட்டு வெளியேறியது, போனில் தோன்றியது. நடு இரண்டையும் நிறுவனத்திடம் கேளுங்கள். கடைசியை, போனில் அறிவிப்பு வரலாறு இயக்கப்பட்டிருந்தால், அங்கே பார்க்கலாம். அதற்கு முன் கருவியின் கடிகாரத்தைச் சரிபார்த்துவிடுங்கள். அது மூன்று நிமிடம் பிந்தி ஓடினால், இல்லாத பழியைப் போலிங்மேல் போட நேரும்.

கடைக்காரர் இப்போதைக்கு என்ன செய்யலாம்?

அந்தச் செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடலாம், இரவில் போனைச் சார்ஜில் போட்டு வைக்கலாம். கேட்கும் இடைவெளியை ஒரு நிமிடமாக்கும்படி நிறுவனத்திடம் சொல்லலாம். கருவியின் பேட்டரி சீக்கிரம் தீரும், அடிக்கடி மாற்ற வேண்டிவரும்.