கோபுரம் குதிக்காமல் ஒரு நடை

மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வண்டிகளுக்கு இடமில்லை. மாலையானால் கையில் போனை ஏந்தி, கோபுரத்தைப் பார்த்து நடந்தபடியே படமெடுக்கும் பயண வ்லாகர்களை அங்கே பார்க்கலாம். அறைக்குத் திரும்பிப் போட்டுப் பார்த்தால் பலருக்கு ஏமாற்றம்தான். கோபுரம் ஆடுகிறது, பக்கத்துத் தூண்கள் ஏறி இறங்குகின்றன, கடை விளக்குகள் துடிக்கின்றன. மூன்றும் ஒரே ஆட்டம்போலத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

கோபுரம் ஆடுவது மணிக்கட்டால். போன் இம்மியளவு சாய்ந்தாலும் ஃபிரேம் முழுவதும் நகரும். தூரத்தில் இருப்பதும் தப்பாது. போனுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷனும், மோட்டார் வைத்த கிம்பலும் சரிசெய்வது முக்கியமாக இந்தச் சாய்வைத்தான். கிம்பல் இல்லாதவர்கள் சிறிய ட்ரைபாடின் கால்களை மடக்கிக் கைப்பிடியாக்கிக்கொள்ளலாம். ஒரு கை கைப்பிடியில், மறு கை போனின் ஓரத்தில், முழங்கைகள் இரண்டும் விலாவை ஒட்டி. கழுத்துப் பட்டை உள்ள கேமரா என்றால், பட்டை விறைக்கும்வரை கேமராவை முன்னே தள்ளிப் பிடிப்பது இன்னொரு வழி. அப்போது இரு கைகளோடு கழுத்தும் ஒரு பிடிமானமாகிவிடும்.

தூண்கள் ஏறி இறங்குவது கால்களால். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் உடம்பு சில சென்டிமீட்டர் எழுந்து தாழ்கிறது. கேமராவும் கூடவே போய்வருகிறது. அது சாயவில்லை, இடம்தான் மாறுகிறது. அதனால் சாதாரணக் கிம்பல் இதைக் கண்டுகொள்வதில்லை. காரெட் பிரவுன் உருவாக்கி, 1976-இல் வந்த ‘பவுண்ட் ஃபார் குளோரி’ படத்தில் பயன்பட்ட ஸ்டெடிகேமில் ஸ்பிரிங் பொருத்திய ஒரு கை இருக்கும். எழுச்சியையும் தாழ்வையும் அதுதான் வாங்கிக்கொள்ளும். போனோடு நடப்பவருக்கு அந்த வேலையை முழங்கால்கள் செய்ய வேண்டும்.

முழங்காலைச் சற்றே மடக்கி, அடியைச் சுருக்கி, குதிகாலை முதலில் வைத்து, பாதத்தை விரல்நுனிவரை மெல்ல உருட்டினால் துள்ளல் வெகுவாகக் குறையும். முழுக்கப் போகாது. மிச்சமிருக்கும் துள்ளலை மறைக்க ஒரு வழி உண்டு: பக்கத்தில் இருக்கும் பொருள்களில்தான் அது பெரிதாகத் தெரியும் என்பதால், தூண்களையும் தரையையும் ஃபிரேமுக்கு வெளியே விட்டுவிட வேண்டும். ஜூம் செய்யாமல், அகலமான லென்ஸிலேயே எடுப்பதும் நல்லது.

விளக்குகள் துடிப்பதுதான் ஆளை ஏமாற்றும். வெளிச்சம் குறைந்ததும் ஆட்டோவில் இருக்கும் போன் ஷட்டர் ஸ்பீடைக் குறைத்துவிடும். ஒவ்வொரு ஃபிரேமும் பதியும் நேரம் நீள்வதால், கால் ஊன்றும் அதிர்வு அந்த ஃபிரேமுக்குள்ளேயே கலங்கலாகப் பதிந்துவிடுகிறது. வீடியோவை நிறுத்தி, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஒரு ஃபிரேமில் புள்ளியாக இருக்கும் பல்பு, கால் ஊன்றும் ஃபிரேமில் சிறு கோடாக இழுபட்டிருக்கும். எடிட்டிங் மென்பொருள் ஃபிரேமை நிலைநிறுத்துமே தவிர, அந்தக் கோட்டைப் புள்ளியாக்காது. ஆட்டம் நின்ற படத்தில் துடிப்பு முன்னைவிட எடுப்பாகத் தெரிவதும் உண்டு.

ஆகவே இருட்டும் முன்பே, போனின் ப்ரோ மோடில் ஷட்டரை 1/100-இல் நிறுத்திவிடுவது உத்தமம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த வேகத்தில் கடை விளக்குகளின் மினுக்கல் கோடுகளும் பெரும்பாலும் விழாது. ஐஎஸ்ஓ ஏறி, படத்தில் கொஞ்சம் புள்ளிகள் சேரும், அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. இருட்டிவிட்டால் நடப்பதை விட்டுவிட்டு, ஒரு தூணில் சாய்ந்து நின்று எடுக்கலாம்.

எஞ்சியதற்கு எடிட்டிங். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும். கிளிப்பைத் தேர்ந்து, Inspector பகுதியில் Stabilization-ஐத் திறந்தால் Perspective, Similarity, Translation என்று மூன்று முறைகள் இருக்கும். Perspective படத்தை வளைத்துச் சரிசெய்வதால் சில சமயம் கோபுரம் ஜெல்லிபோல நெளியும். நெளிந்தால் Similarity-க்கு மாறிவிடலாம். Smooth அளவைக் கூட்டக் கூட்ட ஆட்டம் குறையும். ஆனால் ஓரங்கள் வெட்டுப்பட்டு, படம் பெரிதாகிக்கொண்டே போகும். 4கே-யில் எடுத்து 1080-இல் வெளியிடுபவருக்கு இந்த இழப்பு கண்ணில் படாது.

ஒருவர் குறுக்கே பெரிதாகக் கடந்துபோனால் மென்பொருள் அவரையே ஆதாரமாகப் பிடித்துக்கொள்ளும். கோபுரம் அவரோடு சேர்ந்து பக்கவாட்டில் வழுக்கும். அப்போது அவர் வரும் இடத்துக்கு முன்னும் பின்னும் கிளிப்பை வெட்டி, இரு துண்டுகளையும் தனித்தனியே ஸ்டெபிலைஸ் செய்ய வேண்டும். அவர் கடக்கும் அந்த ஓரிரு நொடிக்கு மேலே, நின்று எடுத்த வேறொரு காட்சியை வைத்துக்கொள்ளலாம்.