குட்டையிடம் கேட்டால் தெரியும்

ஆறடிக்கு மேல் வளர்ந்த இரண்டு பட்டாணிக் கொடிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று தன் தாய், தந்தை இரண்டிடமிருந்தும் நெட்டை மரபணுவைப் பெற்றது. இன்னொன்றுக்கு ஒரு பக்கத்திலிருந்து நெட்டை, மறுபக்கத்திலிருந்து குட்டை. முதலாவதைத் தூய நெட்டை என்றும் TT என்றும் எழுதுவார்கள். இரண்டாவது கலப்பு நெட்டை, Tt. நாடா பிடித்து அளந்தாலும் எது எதுவென்று சொல்ல முடியாது. தண்டை நீள வைக்கும் ஜிப்ரலின் என்ற ஹார்மோனைத் தயாரிக்க, நல்ல மரபணு ஒன்று இருந்தாலே போதும். இரண்டுமே பழுதான tt செடிதான் குட்டையாக நிற்கும்.

கிரிகோர் மெண்டலுக்கும் இந்தச் சிக்கல் வந்தது. புருனோ நகர மடாலயத் தோட்டத்தில் அவர் நூறு நெட்டைச் செடிகளைத் தேர்ந்தெடுத்து, அவை தம் மகரந்தத்தாலேயே காய்க்க விட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் பத்து விதைகளை விதைத்தார். 28 செடிகளின் பிள்ளைகள் எல்லாமே நெட்டை. 72 செடிகளின் பிள்ளைகளில் குட்டையும் கலந்து வந்தது. ஆனால் இந்த முறையில் ஓர் ஓட்டை உண்டு. கலப்பு நெட்டை தனக்குத்தானே காய்த்தால் நான்கில் ஒரு பிள்ளைதான் குட்டை. பத்து விதையிலும் ஒரு குட்டைகூட விழாமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தரைக்குச் சற்று மேல். 1936இல் புள்ளியியல் அறிஞர் ரொனால்டு ஃபிஷர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

சோதனைக் கலப்பு இதைவிடக் கூர்மையானது. சந்தேகத்துக்குரிய நெட்டையை ஒரு குட்டைச் செடியோடு கலக்க வேண்டும். ஏன் குட்டை? அதனிடம் கொடுக்க t மட்டுமே உண்டு. அந்த t எதையும் மூடி மறைக்காது. ஆகவே பிள்ளையின் உயரம், நெட்டைப் பெற்றோர் கொடுத்தது என்ன என்பதை அப்படியே காட்டிவிடும். பெற்றோர் TT என்றால் பிள்ளைகள் அத்தனையும் Tt, எல்லாம் நெட்டை. பெற்றோர் Tt என்றால் பாதி Tt, பாதி tt. நெட்டையும் குட்டையும் ஏறக்குறையச் சரிபாதி.

செய்முறையில்தான் கவனம் வேண்டும். பட்டாணிப் பூ விரிவதற்கு முன்பே, மொட்டுக்குள்ளேயே தன் மகரந்தத்தைச் சூலகமுடியில் தூவிக்கொள்ளும் அவசரக்காரப் பூ. அதனால் இதழ் லேசாக எட்டிப்பார்க்கும் மொட்டாக, மகரந்தப்பைகள் வெடிக்காததாகத் தேடி எடுக்க வேண்டும். அடியில் படகுபோல் மூடியிருக்கும் இதழைக் குறட்டால் பிளந்து, பத்து மகரந்தத்தாள்களையும் எண்ணி எடுத்துவிட வேண்டும். ஒன்பதை எடுத்துவிட்டு ஒன்றை மறந்தால் வேலை கெட்டது. பிறகு மற்றச் செடியில் புதிதாக விரிந்த பூவிலிருந்து மகரந்தத்தை எடுத்துச் சூலகமுடியில் தடவி, மொட்டைச் சிறு பையால் மூடி, காம்பில் அடையாள நூல் கட்ட வேண்டும்.

எந்தச் செடி தாயாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான் என்று பாடநூல் சொல்லும். கணக்கில் சரி. ஆனால் கைதவறும் என்பதையும் நினைத்தால், நெட்டையையே தாயாக வைப்பேன். குட்டையைத் தாயாக வைத்து அதன் சொந்த மகரந்தம் தப்பிவிட்டால் குட்டைப் பிள்ளை பிறக்கும். பழி தூய நெட்டையின் தலையில் விழும். நெட்டை தாயானால் அந்த ஆபத்து இல்லை. தூய நெட்டை தனக்குத்தானே காய்த்தாலும் குட்டையைப் பெறாது. ஒரே ஒரு குட்டை முளைத்தாலும் தாய் கலப்பு என்பது உறுதி.

எத்தனை விதை போதும்? கலப்புச் செடி ஒவ்வொரு முறையும் T கொடுப்பது நாணயம் சுண்டித் தலை விழுவதுபோல. ஐந்து பிள்ளைகளும் நெட்டையாக வர வாய்ப்பு 32இல் ஒன்று, ஏழுக்கு 128இல் ஒன்று, பத்துக்கு 1024இல் ஒன்று. இரண்டு காய்களில் கிடைக்கும் விதைகளே பெரும்பாலும் போதும். ஆனால் மகரந்தத்தாள் ஏதேனும் தப்பியிருந்தால் இந்தக் கணக்கு இவ்வளவு பலமாக நிற்காது. ஆகவே இரண்டு மூன்று பூக்களில் கலப்பு செய்துவிடுங்கள்.

கடைசியில் பிள்ளைகளைப் பிரிக்கும்போது ஏமாறக்கூடாது. சத்தில்லாத மண்ணில் சுணங்கிய நெட்டையும் குள்ளமாகத்தான் தெரியும். உண்மையான குட்டையில் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுபோல் இருக்கும்; கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டு அவ்வளவு குறுகியது. உயரத்தை மட்டும் பார்க்காமல் அந்த இடைவெளியையும் பாருங்கள்.

மெண்டலும் வேறொரு சோதனையில், பூ நிறத்தோடு சேர்த்து, கலப்பு நெட்டையைக் குட்டையோடு கலந்து பார்த்தார். பிறந்தவை 166 செடிகள். நெட்டை 87, குட்டை 79.