6,000 ரூபாய் லாபம், 7,488 ரூபாய் வரி: ஸ்மார்ட் மணி டிரேடிங்கை ஒரு ஆடிட்டர் பார்வையில் பார்ப்போமா?

ரிட்டர்ன் ஃபைல் பண்ண வந்த ஒரு ஐ.டி. ஊழியர் தன்னோட எக்செல் ஷீட்டைக் காட்டினார். பிட்காயின் ஸ்பாட்ல மொத்தம் 30 டிரேட். எல்லாமே ஃபேர் வேல்யூ கேப், ஆர்டர் பிளாக் பார்த்து எடுத்தது. ஒவ்வொண்ணுலயும் 1,000 ரூபாய் ரிஸ்க், 2,000 ரூபாய் டார்கெட். 12 ஜெயிச்சது, 18 தோத்தது. "நிகரமா 6,000 ரூபாய் லாபம் சார், மெத்தட் வேலை செய்யுது"ன்னார். உண்மையிலேயே வேலை செஞ்சுதா?

முதல்ல இந்த ரெண்டும் என்னன்னு பார்த்துடலாம். அடுத்தடுத்த மூணு கேண்டில் எடுத்துக்கோங்க. நடுக் கேண்டில் வேகமா மேலே போகுது. முதல் கேண்டிலோட உச்சத்துக்கும் மூணாவது கேண்டிலோட அடிக்கும் நடுவுல காலி இடம் இருந்தா, அதுதான் ஃபேர் வேல்யூ கேப். அந்த ஏற்றத்துக்கு முன்னாடி வந்த கடைசி சிவப்புக் கேண்டில்தான் ஆர்டர் பிளாக். பெரிய நிறுவனங்கள் அங்கேதான் வாங்கினாங்க, விலை திரும்ப அங்கே வந்துட்டு மறுபடி ஏறும் என்பது நம்பிக்கை.

இப்போ ஒரு உதாரணக் கணக்கு. ஒரு மணி நேர சார்ட்ல முதல் கேண்டில் உச்சம் 60,200 டாலர், மூணாவது கேண்டில் அடி 60,900. அப்போ 60,200 முதல் 60,900 வரை கேப். விலை 60,900-க்கு இறங்கினா வாங்கலாம்னு காத்திருக்கீங்க.

கிரிப்டோ சந்தை 24 மணி நேரமும் ஓடும். கேண்டில் எங்கே தொடங்கணும்னு சந்தை சொல்றதில்ல. பெரும்பாலான சார்ட்கள் உலகப் பொது நேரப்படி வெட்டுது. அதனாலதான் நம்ம நேரத்துல மணிக் கேண்டில் 9:30, 10:30-னு தொடங்குது. ஏற்றம் 9:45-க்கு ஆரம்பிச்சு 10:20-க்கு முடிஞ்சிருந்தா, அது முழுசும் ஒரே கேண்டிலுக்குள்ள இருக்கும். அதே விலையை 9:00, 10:00-னு வெட்டிப் பாருங்க. ஏற்றம் ரெண்டு கேண்டிலா உடையும். 10 மணிக் கேண்டிலோட அடி 60,650-ஆ இருந்தா, கேப் 60,200 முதல் 60,650 வரைதான். நீங்க காத்திருந்த 60,900 அங்கே இல்லவே இல்ல. ஒரு வியாபாரம்கூட மாறல, நாம வெட்டின இடம்தான் மாறிச்சு. ஒரு நிமிஷ சார்ட்டுக்குப் போனா அந்த 'காலி' இடத்துல வரிசையா வியாபாரம் நடந்திருக்கறதும் தெரியும்.

ஆர்டர் பிளாக்கும் இப்படித்தான். விலை ஏறின பிறகுதான் எது கடைசி சிவப்புக் கேண்டில்னு தெரியும். வாங்கினது யார்னு கேண்டில் சொல்லாது. ஒருத்தர் வாங்கினா எதிர்ல ஒருத்தர் வித்திருக்கார், அவ்வளவுதான். ஆர்டர் பிளாக் உடைஞ்சா 'பிரேக்கர் பிளாக்'னு பேர் மாத்திடுவாங்க. தோல்விக்கும் ஒரு பேர் வெச்சுட்டா, மெத்தட் தோத்ததாவே கணக்குல வராது.

"கேப் பெரும்பாலும் நிரம்புதே?"ன்னு கேட்கலாம். பக்கத்துல இருக்கற எந்த விலைக்கும் பிட்காயின் சீக்கிரமே திரும்ப வர வாய்ப்பு அதிகம். நிரம்பின பிறகு ஸ்டாப் லாஸுக்கு முன்னாடி டார்கெட் வருதாங்கறதுதான் கேள்வி. 1,000 ரிஸ்க், 2,000 டார்கெட்னா, காசு சுண்டிப் போட்டு நுழைஞ்சாலும் மூணுல ஒண்ணு ஜெயிக்கும். அதாவது 30-க்கு 10. அவருக்கு வந்தது 12. இந்த ரெண்டு அதிர்ஷ்டத்துலயே வரக்கூடியது.

அடுத்தது வரி. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி, அதுமேல 4% செஸ். ஒரு டிரேட் நஷ்டத்தை இன்னொரு டிரேட் லாபத்துல கழிக்க முடியாது, அடுத்த வருஷத்துக்கும் கொண்டுபோக முடியாது. அவரோட 12 வெற்றியில 24,000 ரூபாய் லாபம். அதுக்கு வரி 7,200, செஸ் 288, மொத்தம் 7,488. 18 தோல்வியில போன 18,000 ரூபாயை வரித்துறை கண்டுக்காது. கையில மிஞ்சினது 6,000 கழித்தல் 7,488. அதாவது 1,488 ரூபாய் நஷ்டம். எக்ஸ்சேஞ்ச் கட்டணம் தனி.

வரி இல்லேன்னா இந்த விகிதத்துல 33.3% ஜெயிச்சாலே அசல் தேறும். வரியோட சேர்த்தா சுமார் 42% ஜெயிக்கணும். அவர் ஜெயிச்சது 40%.

அதுக்காக எல்லாமே குப்பைன்னு சொல்லல. நுழையும் இடம், ஸ்டாப் லாஸ் ரெண்டையும் முன்கூட்டியே எழுத வைக்குது, அது நல்ல பழக்கம். ஆனா பணம் போடறதுக்கு முன்னாடி விதியை ஒரு பேப்பர்ல எழுதுங்க: எந்த டைம்ஃபிரேம், கேப் குறைந்தபட்சம் எவ்வளவு, ஸ்டாப் எங்கே. பிறகு சார்ட்ல ரீப்ளே வசதியைப் போட்டு, வர்ற முதல் 100 கேப்பையும் ஒண்ணு விடாம குறிங்க. அழகா வேலை செஞ்சதை மட்டும் பொறுக்காதீங்க. அதுல 42-ஐத் தெளிவா தாண்டலேன்னா, சம்பளத்துல இருந்து ஒரு ரூபாய்கூட அங்கே போக வேண்டாம்.