மூன்றாவது பேட்டிக்கு முன் ஒரு மெமோ

இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்கள் வீட்டுக்கு வெளியே அதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? இதை அறிய ஒருவர் பத்துப் பேரைப் பேட்டி காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்தையும் முடித்துவிட்டு அலசலுக்கு உட்காருவதுதான் வழக்கம். கிரவுண்டட் தியரி முறையில், முதல் பேட்டி கையில் கிடைத்ததுமே அலசல் தொடங்கிவிடும். அமெரிக்கச் சமூகவியலாளர்கள் பார்னி கிளேசர், அன்செல்ம் ஸ்ட்ராஸ் இருவரும் 1967-இல் நூலாக விளக்கிய முறை இது.

முதல் ஆள் சொல்கிறார்: "கல்யாண மண்டபத்துல பாத்ரூமுக்குப் போய்த்தான் போட்டுக்குவேன்." ஓரத்தில் 'வெட்கம்' என்று குறிக்கக் கை பரபரக்கும். ஆனால் வெட்கப்பட்டதாக அவர் சொல்லவில்லை. 'ஒதுங்கிப்போய்ப் போட்டுக்கொள்வது' என்று செயலையே குறியீடாக எழுதினால், நம் ஊகம் அதில் நுழையாது.

இரண்டாவது ஆள்: "ஆபீஸ்ல என் சீட்லயே போட்டுக்குவேன். மாமியார் வீட்டுக்குப் போனா மட்டும் மொட்டைமாடிக்குப் போயிடுவேன்." இதற்கும் அதே குறியீடுதான். தொடர் ஒப்பீடு என்பது இங்கேதான் தொடங்குகிறது: ஒரே குறியீடு விழுந்த இரண்டு பகுதிகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். கூட்டம்தான் காரணம் என்றால் இவர் ஆபீஸிலும் ஒதுங்கியிருக்க வேண்டுமே? முதல் பேட்டிக்குத் திரும்பினால், 'குடும்பம்' என்று குறித்துவிட்டுக் கடந்த ஒரு வரி கண்ணில் படுகிறது: "பையனுக்குப் பொண்ணு பார்த்துட்டிருக்கோம்."

இந்த இடத்தில் கோடிங்கை நிறுத்திவிட்டு மெமோ எழுத வேண்டும். பேனாவை எடுக்காமல் அடுத்த வரிக்குப் போனால் எண்ணம் நழுவிவிடும். நடை முக்கியமில்லை. இப்படி இருந்தால் போதும்:

"ஒதுங்குவது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்ததல்ல, யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்ததோ? இருவருமே சம்பந்தி வழி உறவுக்கு முன்னால்தான் ஒதுங்குகிறார்களா? முதல் ஆளிடம் இதைக் கேட்கவில்லை. உறவுக்காரர் யார் முன்னாலும் தயங்காத ஒருவரைத் தேட வேண்டும்."

மூன்றாவது பேட்டியின் கேள்வியும், யாரைப் பேட்டி காண்பது என்பதும் இந்த மெமோவிலிருந்தே வருகின்றன. பேட்டியில் சொன்னதைச் சுருக்கி எழுதியது மட்டும் மெமோ ஆகாது. இரண்டு பேரின் பேச்சு அதில் மோதவில்லை, புதுக் கேள்வியும் பிறக்கவில்லை என்றால் அது வெறும் சுருக்கம்.

முதல் எண்ணத்தின் மீது காதல் வந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. மூன்றாவதாக வரும் பெண், "வயித்துல போடணும், புடவையை விலக்கணும், அதான் ரூமுக்குப் போறேன்" என்கிறார். இதையும் பழைய விளக்கத்துக்குள் திணிக்கக் கூடாது. குறியீட்டை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: நோயை மறைக்க ஒதுங்குவது, உடம்பை மறைக்க ஒதுங்குவது. பிறகு முதல் இரண்டு பேட்டிகளையும் இந்தப் பிரிவோடு மறுபடி படிக்க வேண்டும்.

இன்சுலின் போடுபவர்களில் எத்தனை சதவீதம் பேர் மறைக்கிறார்கள் என்பதைப் பத்துப் பேரை வைத்துச் சொல்ல முடியாது. எது நேர்ந்தால் மறைக்கிறார்கள், எது மாறினால் மறைப்பதில்லை என்பதைத்தான் இந்த ஆய்வு சொல்லும்.